சட்டியின் சத்தத்தைக் கேளுங்கள்

வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாட்டு கேட்பவர்கள் பாதி, வாழ்த்து சொல்பவர்கள் பாதி. அன்று காலை வந்த அழைப்பு இரண்டிலும் சேரவில்லை. லெம்பா பெர்த்தாமிலிருந்து ஓர் அக்கா பேசினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாற்பது சைவச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி, தோட்டத்து வேலைக்காரர்களுக்கும் காய்கறிப் பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் விற்கிறாராம். சோறு, சாம்பார், ஒரு கூட்டு, பொரித்த தௌஹு நான்கு துண்டு. இந்த நான்கு துண்டில்தான் அவருக்குச் சிக்கல்.

“தம்பி, ஒன்பது கட்டி வாங்கினா போதும். உடையறதுக்குன்னே பன்னிரண்டு வாங்குறேன். பாதி சட்டியில ஒட்டிக்குது, மீதி திருப்பும்போது நொறுங்குது. மலை மேல காத்துக் கம்மி, அதனாலதான் சரியா பொரியலன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?”

நாற்பது பொட்டலத்தில் மூன்று கட்டி வீண் என்றால் அது அவருடைய லாபத்தில் விழும் ஓட்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரிங்லெட்டைக் கடந்து, சுல்தான் அபு பாக்கார் அணைக்குக் கீழே இறங்கி, அவர் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தேன். சமையலில் எனக்கு ஆர்வம் அதிகம். அதைவிட, பதில் தெரிந்த ஒரு கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. சட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மலையின் மீதுள்ள பழியைத் துடைத்துவிடலாம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் மலையில் பருப்பு வேக நேரம் எடுக்கிறது. எவ்வளவு தீ வைத்தாலும் பானையில் உள்ள தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. எண்ணெய் அப்படியில்லை. சமையல் எண்ணெய் கொதிப்பதே இல்லை. தீ கொடுக்கக் கொடுக்கச் சூடேறும், கடைசியில் புகையும். கோலாலம்பூரில் 170 டிகிரிக்குக் கொண்டுபோக முடிந்த எண்ணெயை லெம்பா பெர்த்தாமிலும் அதே சூட்டுக்குக் கொண்டுபோகலாம். பொரிப்பதற்கு உயரம் ஒரு தடையே அல்ல.

ஆனால் மலைக்கு ஒரு சிறு பங்கு உண்டு. காலையில் மூடுபனி இறங்கும் ஊரில் காற்று முழுக்க ஈரம். கீழே ஈப்போவில் தட்டில் பரப்பி வைத்தால் அரை மணி நேரத்தில் மேல்பக்கம் காய்ந்துவிடும் தௌஹு, இங்கே ஒரு மணி நேரம் ஆனாலும் பளபளவென்று நனைந்தே இருக்கும். ஆக, சிக்கல் காற்றுக் குறைவில் இல்லை, தண்ணீர் அதிகத்தில் இருக்கிறது.

தண்ணீர் ஏன் எதிரி என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். பொன்னிறம் வர, துண்டின் மேல்பரப்பு 140 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அந்தச் சூட்டில்தான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் தருகின்றன. மேலே ஈரம் இருக்கும்வரை, அந்த ஈரம் ஆவியாகிக்கொண்டே சூட்டைத் தின்றுவிடும். பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் எவ்வளவு காய்ந்திருந்தாலும் துண்டு உள்ளபடி வெந்துகொண்டிருக்கிறதே தவிர, பொரியவில்லை.

ஒட்டுவதும் இதே கதைதான். ஈரமான புரதம் உலோகத்தைத் தொட்டு வேகும்போது, அதனோடு பிணைந்துகொள்கிறது. சட்டி முதலில் சூடாகவில்லை என்றால் பிணைப்பு இன்னும் பலமாகும். துண்டின் அடிப்பக்கம் காய்ந்து ஓடு கட்டிய பிறகு அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஒட்டிய துண்டு தானாக விடுபடும் நேரம் ஒன்று உண்டு. நாம் அதற்கு முன்னால் அகப்பையை நுழைத்துவிடுகிறோம். துண்டு மேலே வருகிறது, ஓடு சட்டியிலேயே தங்கிவிடுகிறது. அக்கா வீட்டில் நொறுங்கிய துண்டுகள் எல்லாமே ஒரு பக்கம் தோலுரிந்தவை.

அன்று ஒரு கட்டியை எடுத்துச் சோதித்தோம். 300 கிராம் எடையுள்ள கெட்டித் தௌஹு. அதை ஒரே அளவு மூன்று துண்டமாக அறுத்தோம், ஒவ்வொன்றும் 100 கிராம். சட்டியாக அவருடைய பழைய இரும்புத் தோசைக்கல்லை எடுத்தோம். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் குவாலி அலுமினியம். அடி மெல்லியது, அதனால் தீ படும் நடுப்பகுதி மட்டும் கொதிக்கும், ஓரம் குளிர்ந்தே கிடக்கும். அடி வளைந்திருப்பதால் துண்டின் பரப்பும் முழுதாக உட்காராது. தோசைக்கல் தட்டை, கனம், வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிக் கருத்தது. இதற்கு இதைவிட நல்ல சட்டி வாங்க வேண்டியதில்லை.

முதல் துண்டத்தை வாங்கி வந்த தண்ணீரிலிருந்து எடுத்தபடி ஓர் அங்குலக் கட்டமாக வெட்டினோம். ஆறு துண்டு. எண்ணெய் காய்ந்ததும் போட்டோம். படபடவென்று வெடித்து அடுப்பு முழுக்கத் தெறித்தது. ஐந்து நிமிடம் ஆகியும் அடி வெளிறியே இருந்தது. திருப்பியபோது ஆறில் மூன்று உடைந்தன.

இரண்டாவது துண்டத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் துணியால் நன்றாக ஒற்றினோம். தெறிப்பு பாதியாகக் குறைந்தது. பொன்னிறம் வந்தது, ஆனால் திட்டுத்திட்டாக. ஒன்று மட்டும் ஒட்டியது.

மூன்றாவது துண்டத்துக்குத்தான் முழு உபசாரம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு, அடுப்பை அணைத்து, அதில் துண்டத்தை 15 நிமிடம் போட்டு வைத்தோம். “ஈரத்தை எடுக்கணும்னு சொல்லிட்டுத் தண்ணியில போடுறீங்களே தம்பி?” என்று அக்கா சிரித்தார். நியாயமான கேள்வி. சுடுநீர் பட்டதும் மேல்பக்கத்துப் புரதம் இறுகி, தன்னிடம் உள்ள நீரை வெளியே தள்ளுகிறது. வெளியே எடுத்தபோது துண்டம் சூடாக இருப்பதால் மேலே ஒட்டியிருக்கும் நீரும் வேகமாக ஆவியாகிறது. மூடுபனி ஊரில் இந்தச் சூடு பெரிய உதவி. கூடவே உள்ளே கொஞ்சம் உப்பும் ஏறுகிறது.

பிறகு அதைச் சுத்தமான துணியில் வைத்து, மேலே இன்னொரு துணி, அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய். 20 நிமிடம். இதைவிடக் கனமாக அம்மிக்குழவியையெல்லாம் தூக்கி வைத்தால் ஓரம் பிளந்துவிடும். எடுத்து நிறுத்துப் பார்த்தபோது 100 கிராம் 87 கிராமாகியிருந்தது. 13 கிராம் தண்ணீர் போய்விட்டது. அதாவது, இத்தனை தண்ணீரையும் முன்பு அக்கா தன் கேஸ் செலவில் சட்டியிலேயே விரட்டிக்கொண்டிருந்தார்.

வெட்டிய ஆறு துண்டின் மேலும் ஒரு தேக்கரண்டி சோளமாவைத் தூவி, உருட்டி, அதிகமான மாவைத் தட்டிவிட்டோம். ஒரு முழு 300 கிராம் கட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு போதும். மாவு கடைசியாக மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடித்து, மெல்லிய மேலாடையாக நிற்கிறது. சட்டியைத் தொடுவது மாவுதான், புரதம் இல்லை. இன்னும் மொறுமொறுப்பு வேண்டுமானால் பாதிக்குப் பாதி அரிசி மாவு சேர்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாவு தூவியதும் உடனே சட்டிக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் வைத்துவிட்டால் மாவு ஊறிப் பசையாகிவிடும். பசை எதிலும் ஒட்டும்.

இப்போது அடுப்பு. நடுத்தரத் தீயில் கல்லை மட்டும் இரண்டு நிமிடம் காயவைத்து, பிறகு இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். நம் வீடுகளில் இருக்கும் செம்பனை எண்ணெயே போதும். அது எளிதில் புகையாது. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கத் தௌஹுவிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிப் போடுங்கள். உடனே நுரைத்து ஆட வேண்டும். சும்மா கிடந்தால் சூடு போதாது. பத்து விநாடிக்குள் கருத்தால் சூடு அதிகம், தீயைக் குறையுங்கள். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் எண்ணெய் குளிர்ந்துவிடும், ஒரு துண்டின் ஆவி பக்கத்துத் துண்டை நனைத்துவிடும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அக்காவுக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அரை நிமிடத்திலேயே அகப்பை கிளம்பிவிட்டது. “அக்கா, கையை விடுங்க, காதைக் கொடுங்க” என்றேன்.

நான் ஒலியை வைத்துப் பிழைப்பவன். அதனால் சட்டியின் சத்தம்தான் எனக்குப் பெரிய அடையாளம். துண்டைப் போட்டதும் வருவது ஈரச் சத்தம். உரக்க, தாறுமாறாக, தகரக் கூரையில் பெய்யும் மழை மாதிரி. தண்ணீர் வேகமாக ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் அது குறையும். பெருங்குமிழிகள் சின்னக் குமிழிகளாகும். மழை தூறலாகும். அப்போது அடிப்பரப்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஓடு கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். கீழ் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். இப்போது கல்லை லேசாக அசைத்துப் பாருங்கள். துண்டு தானாக வழுக்கினால் திருப்பலாம். வழுக்கவில்லையென்றால் இன்னும் அரை நிமிடம். பிடிவாதமாக நிற்கும் துண்டோடு சண்டை வேண்டாம்.

மூன்றாவது துண்டத்தின் ஆறு துண்டும் மூன்றரை நிமிடத்தில் வழுக்கின. ஒன்றும் உடையவில்லை. இரண்டு பக்கம் முடித்து, மற்ற பக்கங்களை ஒவ்வொரு நிமிடம் நிறுத்தி, மொத்தம் ஒன்பது நிமிடத்தில் எடுத்தோம். தட்டில் காகிதம் விரித்து ஒன்றன்மேல் ஒன்று போடாமல் பரப்பினோம். குவித்தால் உள்ளிருந்து வரும் ஆவி ஓட்டை ஊறவைத்துவிடும். பொட்டலத்திலும் அதே விதிதான்: ஆறிய பிறகுதான் மூட வேண்டும்.

இன்னொன்று கண்ணில் பட்டது. அக்கா வழக்கமாகத் தௌஹுவை உப்பும் மஞ்சளும் தடவித்தான் பொரிப்பார். நம் வீடுகளில் மீனுக்குச் செய்வது போல. மஞ்சள் போட்டால் துண்டு எண்ணெயில் இறங்கும் முன்பே பொன்னிறமாகிவிடுகிறது! ஓடு கட்டியதா இல்லையா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க வெந்தது போலிருக்கும், திருப்பினால் உரியும். மஞ்சள் போடக் கூடாது என்று சொல்லவில்லை. போட்டால் நிறத்தை நம்பாதீர்கள், சத்தத்தை நம்புங்கள். சம்பல், சோயா சாஸ், சர்க்கரை சேர்ந்த எதையும் முன்பே தடவாதீர்கள். ஓடு கட்டும் முன் அது கருகிவிடும். பொரித்து எடுத்தபின் பிரட்டிக்கொள்ளலாம்.

சந்தையில் எந்தத் தௌஹுவை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். அழுத்தி இறுக்கிய தௌக்குவா என்றால் ஒற்றினாலே போதும், சுடுநீர் தேவையில்லை. வெள்ளைக் கெட்டித் தௌஹுவுக்குத்தான் மேலே சொன்ன முறை. பெட்டியில் வரும், தயிர் போல ஆடும் மென்மையான வகையைக் கல்லில் பொரிக்க முயலாதீர்கள். அதில் தண்ணீரைப் பிழிந்தெடுக்க வழியில்லை, பிழிந்தால் கூழாகிவிடும். அதைச் சோளமாவில் முழுதாகப் புரட்டி, நிறைய எண்ணெயில் மூழ்கவிட்டால் மட்டுமே உருவம் நிற்கும்.

இனி பன்னீர். அக்காவின் மகள் கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். ஊருக்கு வரும்போது உறைந்த பன்னீர் பொட்டலம் வாங்கி வருவாள். “இது மட்டும் ஒட்டாதுன்னு நினைச்சேன், இதுவும் ஒட்டுது மாமா” என்றாள்.

பன்னீரும் தௌஹுவும் தூரத்து உறவுக்காரர்கள். ஒன்று பாலைத் திரித்து அழுத்தியது, மற்றது சோயாப் பாலைத் திரித்து அழுத்தியது. ஆனால் பன்னீரில் தண்ணீர் குறைவு, கொழுப்பு அதிகம். இந்திய உணவுத் தர விதிப்படி பன்னீரில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தௌஹுவில் சாதாரணமாகவே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எனவே பன்னீருக்கு எடை வைத்து அழுத்தும் வேலை இல்லை. பீட்சாவில் போடும் சீஸ் போல இது உருகி ஓடுவதும் இல்லை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றித் திரிக்கும்போது, புரதங்களை நெகிழ்வாகக் கட்டியிருக்கும் கால்சியம் கரைந்து மோரோடு போய்விடுகிறது. அதனால் சூடுபட்டால் இளகாமல் இன்னும் இறுகுகிறது.

பிறகு ஏன் ஒட்டுகிறது? மகள் உறைந்த பன்னீரை அரைகுறையாக இளக்கி நேரே கல்லில் போட்டிருந்தாள். உள்ளேயிருந்த பனி உருகி வழிந்து, தௌஹுவின் கதையே திரும்ப நடந்தது. உறையும்போது பனித் துகள்கள் பன்னீரின் கட்டமைப்பையும் அங்கங்கே கிழித்திருக்கும், அதனால் உதிரும். முதல்நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுதாக இளகவிடுங்கள். முக்கால் அங்குலத் துண்டாக வெட்டி, ஒற்றி, கால் மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் போகவிடுங்கள். கல்லில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். பன்னீர் தன் கொழுப்பைத் தானே கொஞ்சம் விடும். வெண்ணெயில் பொரிக்காதீர்கள், அதிலுள்ள பால்திடம் சீக்கிரம் கருகிவிடும். நெய் என்றால் சரி.

நேரமும் குறைவு. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் இரண்டு. இங்கே ஆபத்து உடைவதைவிட ரப்பராவதுதான். நேரம் கூடக்கூட உள்ளிருக்கும் ஈரமும் போய்ப் பல்லுக்கு அடங்காது. அதனால் இரண்டு பக்கம் நிறம் வந்தால் போதும், எடுத்துவிடுங்கள். குழம்பில் போடுவதாக இருந்தால் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள்; மெத்தென்று ஆகும். ஓடு மொறுமொறுப்பாகவே வேண்டும் என்றால் ஊறவைக்காமல், பரிமாறுவதற்கு முன் கடைசியாகச் சேருங்கள். இரண்டும் ஒரே துண்டில் கிடைக்காது. எந்தக் குழம்பிலும் சில நிமிடத்துக்கு மேல் ஓடு மொறுமொறுப்பாக நிற்காது.

வீட்டில் பன்னீர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டியில் உதிர்ந்தால் தவறு பெரும்பாலும் சட்டியில் இருக்காது, துணியில் இருக்கும். திரிந்த பாலை வடிகட்டியதும் சூடாக இருக்கும்போதே மூட்டை கட்டி எடை வைக்க வேண்டும். ஆறிய பிறகு அழுத்தினால் திரள்கள் ஒன்றோடொன்று சேராது. அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்தி, பிறகு இரண்டு மணி நேரம் குளிரவைத்து வெட்டுங்கள். வெட்டிய முகம் வழவழப்பாக இருந்தால் கல்லில் நிற்கும். மணல் போலத் தெரிந்தால் பொரிக்காதீர்கள், புர்ஜி செய்துவிடுங்கள்.

தோசைக்கல்லைப் பற்றி அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது: “இதுல இதெல்லாம் பொரிச்சா நாளைக்குத் தோசை வருமா?” மாவும் புரதமும் ஒட்டிய கல்லில் தோசை நிச்சயம் பிடிவாதம் பிடிக்கும். சூடு ஆறும் முன் கல்லுப்பைத் தூவித் துணியால் தேய்த்துத் துடைத்துவிட்டு, பாதி வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தடவி வைத்தால் போதும். மறுநாள் தோசை வந்தது என்று அவரே செய்தி அனுப்பினார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அக்கா பத்துக் கட்டி வாங்கினார். 180 துண்டு. உடைந்தது ஒன்பது. நாற்பது பொட்டலத்துக்குத் தேவை 160. மிச்சமான பதினொன்று வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுக்குள் போனது. சுடுநீர், அழுத்தம் எல்லாம் சேர்த்துக் காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டார். அது உண்மைதான். ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் அழுத்தும் தட்டின் வேலை. அவர் அதற்குள் சாம்பாரை இறக்கிவிடுகிறார்.

உங்கள் சட்டியில் இன்னும் ஒட்டினால் எழுதுங்கள். எழுதும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தச் சட்டி, எந்த வகைத் தௌஹு, எத்தனை நிமிடத்தில் அகப்பையை நுழைத்தீர்கள். பதில் பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கும். அடுத்த வாரம் சந்திப்போம்.